எல்.சி. வந்துவிட்டது, நூலைச் சாயத்துக்கு அனுப்பலாமா?

வாசகர் கடிதம்

வணக்கமுங்க. கரூரில் சொந்தத் தறி போட்டு ஹோம் டெக்ஸ்டைல்ஸ் செய்கிறோம். இத்தனை நாளும் பெரிய எக்ஸ்போர்ட்டர்களுக்கு ஜாப் ஒர்க்தான். இப்போது ஹாம்பர்க்கில் இருக்கிற பையர் ஒருத்தர் நேரடியாக ஆர்டர் கொடுத்திருக்கிறார். கிச்சன் டவல் 24,000 பீஸ், டேபிள் கிளாத் 9,000 பீஸ், மொத்தம் 62,400 யூரோ, எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. காகிதம் காட்டியதும் பேங்க் பணம் தருகிற சைட் எல்.சி.யும் வந்துவிட்டது, நல்ல ஜெர்மன் பேங்க்தானுங்க. செப்டம்பர் 30க்குள் ஷிப்மென்ட், ஷிப்மென்ட்டிலிருந்து 15 நாளில் டாக்குமென்ட், அக்டோபர் 15 ஜெர்மனியில் எக்ஸ்பயரி. பையரோட ஆள் கையெழுத்துப் போட்ட இன்ஸ்பெக்‌ஷன் சர்டிஃபிகேட் வேண்டுமாம். சரக்குக்குக் கப்பல் கம்பெனி கொடுக்கிற மூன்று ஒரிஜினல் பி.எல்.லில் ஒன்றை நேராகத் தனக்கே கூரியரில் அனுப்பச் சொல்கிறார். கப்பலில் இடம் போடுகிற ஃபார்வர்டரும் அவர் சொல்கிற ஆள்தான். ஆர்டர் பேப்பரில் ஜெர்மன் சட்டம், ஹாம்பர்க் கோர்ட் என்று போட்டிருக்கிறது. சரக்கு சுத்தமாக இருந்தால் எல்.சி. பணம் வந்துதானே ஆகணும்? கப்பலில் ஏற்றிவிட்டால் நம்ம பொறுப்பு முடிந்தது இல்லீங்களா? சட்டத்தை மட்டும் இந்தியச் சட்டம் என்று மாற்றிவிட்டால் பயமில்லாமல் இருக்கலாமா? அடுத்த வாரம் நூல் சாயத்துக்குப் போகுது.

வழக்கறிஞர் பதில்

நூலைச் சாயப்பட்டறைக்கு அனுப்புவதைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். வெள்ளை நூலை இன்னொரு ஆர்டருக்கு ஓட்டிவிடலாம். பையர் சொன்ன கலரில் சாயமேற்றிய நூலை அவரைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது. எல்.சி.யில் திருத்தம் கேட்கும் பலம் உங்களிடம் இருப்பது அதுவரைதான்.

உங்கள் முதல் கேள்வியிலேயே ஒரு தப்பெண்ணம் ஒளிந்திருக்கிறது. பேங்க் சரக்கைப் பார்த்துப் பணம் தருவதில்லை, காகிதத்தைப் பார்த்துத் தருகிறது. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும், எல்.சி.க்கான சர்வதேச யு.சி.பி. 600 விதிகளின் 4வது, 5வது பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. எல்.சி. வேறு, விற்பனை ஒப்பந்தம் வேறு. பேங்குகள் ஆவணங்களைக் கையாளுகின்றன, சரக்கை அல்ல. டவல் எவ்வளவு நயமாக இருந்தாலும் ஒரு காகிதம் எல்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் பணத்தை மறுக்க பேங்குக்கு உரிமை உண்டு. சரக்கு சுமாராக இருந்தாலும் காகிதங்கள் சரியாக இருந்தால் பேங்க் பணம் தந்தாக வேண்டும், மோசடி என்பது மட்டும் விதிவிலக்கு. எனவே உங்கள் எல்.சி.யில் கேட்டிருக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதைத் தயார் செய்வது என் கையில் இருக்கிறதா, பையர் கையில் இருக்கிறதா?

பையர் கையெழுத்து

அந்தக் கேள்விக்கு முதலில் சிக்குவது இன்ஸ்பெக்‌ஷன் சர்டிஃபிகேட். உங்கள் எல்.சி.யில் தேவையான ஆவணங்களைச் சொல்லும் 46A பகுதியை நன்றாகப் பாருங்கள். பையரின் பிரதிநிதி கையெழுத்திட வேண்டும் என்பதோடு, அந்தக் கையெழுத்து எல்.சி. திறந்த பேங்கில் வைத்திருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு பொருந்த வேண்டும் என்றும் பல எல்.சி.க்களில் போட்டிருப்பார்கள். அந்த மாதிரிக் கையெழுத்தை உங்கள் பேங்க் பார்த்ததே இருக்காது. சரிபார்க்க வழியில்லாத ஒரு காகிதத்தை நம்பி நீங்கள் சரக்கை ஏற்றுகிறீர்கள்.

இதில் ஏமாற்று வேலை இருந்தே தீரும் என்று சொல்லவில்லை. பையருக்கு அங்கே விற்பனை மந்தமானால் போதும். ஆள் வருவது இன்றைக்கு, நாளைக்கு என்று இழுபடும், செப்டம்பர் 30 தாண்டிவிடும். அல்லது சர்டிஃபிகேட் தர ஆறு சதவீதம் விலையைக் குறையுங்கள் என்ற பேச்சு வரும். இந்த நிபந்தனை இருக்கும்வரை உங்களிடம் இருப்பது பேங்கின் வாக்குறுதி போலத் தெரிகிற பையரின் வாக்குறுதிதான்.

நிபந்தனையை எடுத்துவிடச் சொல்லுங்கள். பையர் சம்மதிக்க மாட்டார், தரம் பார்க்காமல் பணம் தர அவருக்கும் பயம் இருக்கும், அது நியாயம்தான். அடுத்த படியாக, இருவருக்கும் பொதுவான ஆய்வு நிறுவனம் ஒன்றின் சர்டிஃபிகேட் என்று மாற்றுங்கள். எந்த அளவுகோலில் ஆய்வு என்பதை எல்.சி.யில் எழுதாமல் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மாதிரி எடுத்துப் பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2859-1ன்படி, பொது நிலை இரண்டு, ஏற்கத்தக்க குறை அளவான ஏ.க்யூ.எல். 2.5 என்று வைத்துக்கொண்டால், 24,000 டவலில் 315 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை உள்ளவை 14 வரை இருந்தால் பாஸ், 15 ஆனால் ஃபெயில். எண் இருந்தால் வாக்குவாதத்துக்கு இடம் குறையும். எது பெரிய குறை, எது சின்னக் குறை என்பதையும் படத்தோடு ஒரு பக்கம் சேர்த்துவிடுங்கள். நூல் இழை விட்டதும், சாயம் ஒழுகியதும் ஒரே கணக்கில் வரக்கூடாது.

அவர் ஆள்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஒரு தப்புவழியாவது வேண்டும். சரக்கு தயார் என்று மின்னஞ்சல் அனுப்பி ஐந்து வேலை நாளுக்குள் பிரதிநிதி வராவிட்டால், அந்த மின்னஞ்சலின் நகலும் உங்கள் சொந்தச் சான்றும் போதும் என்று எல்.சி.யிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றில் ஒரு பி.எல்.

இது வேறு வகைக் கண்ணி. பி.எல். மூன்று ஒரிஜினலாக வரும். எந்த ஒன்றைக் காட்டியும் துறைமுகத்தில் சரக்கை எடுக்கலாம், எடுத்ததும் மற்ற இரண்டும் வெறும் காகிதம். 'டு ஆர்டர்' என்று போட்டு, பின்னால் நீங்கள் பொதுவாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த பி.எல். என்றால், யார் கையில் இருக்கிறதோ அவர் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நடக்கக்கூடியதை வரிசையாகப் பாருங்கள். ஒரு பி.எல். கூரியரில் பையருக்குப் போகிறது. மற்ற இரண்டும் பேங்குக்குப் போகின்றன. அங்கே ஏதோ ஒரு எழுத்துப் பிசகைச் சொல்லி ஆவணங்களை மறுக்கிறார்கள். பேங்க் அந்த இரண்டு பி.எல்.லையும் பத்திரமாக உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறது. சரக்கு பையரின் கோடவுனில் இருக்கிறது. பேங்க் விதிப்படி நடந்திருக்கிறது, அதன்மீது வழக்குப் போட முடியாது. முழு செட்டும் பேங்க் வழியாகப் போயிருந்தால், ஆவணங்கள் திரும்பி வந்தாலும் சரக்கு உங்களுடையது. வேறு பையருக்கு விற்கலாம், கொஞ்சம் விலை குறையும், அவ்வளவுதான்.

முழு செட்டும் பேங்க் வழியாக, பி.எல்.லும் எல்.சி. திறந்த பேங்கின் பெயருக்கு ஆர்டர் செய்ததாக இருக்கட்டும். கடல் பயணம் வாரக்கணக்கில் இருப்பதால் ஆவணங்கள் கப்பலுக்கு முன்பே போய்விடும். விமானத்தில் அனுப்பும் சரக்குக்கோ பக்கத்து நாட்டுக்கோ வேண்டுமானால் அவசரம் என்று பையர் சொல்வதில் பொருள் இருக்கும்.

எஃப்.ஓ.பி.யும் பையரின் ஃபார்வர்டரும்

பொறுப்பு கப்பலில் ஏறியதும் முடிகிறது என்பது ரிஸ்க் விஷயத்தில் சரி. கப்பலில் ஏறிய பிறகு புயலில் நனைந்தால் பையருக்கு நட்டம். சரக்கின் தரத்துக்கான பொறுப்பு அங்கே முடிவதில்லை. ஏறுவதற்கு முந்தைய சில நாட்களில்தான் உங்களுக்கு ஆபத்து. நீங்கள் லாரியில் அனுப்பிய பெட்டிகள் கண்டெய்னர் கிடங்கான தூத்துக்குடி சி.எஃப்.எஸ்.ஸில் இறங்கி, பையரின் ஃபார்வர்டர் கண்டெய்னரில் அடுக்கி, கப்பலுக்காகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு முழுவதும் ரிஸ்க் உங்களுடையது, சாவி அவர் கையில்.

எஃப்.ஓ.பி.யில் கப்பலை ஏற்பாடு செய்வது பையர். அவர் ஃபார்வர்டர் செப்டம்பர் 28 கப்பலை விட்டுவிட்டு அக்டோபர் 4 கப்பலில் இடம் போட்டால், ஒப்பந்தப்படி தவறு பையருடையது. ஆனால் எல்.சி.க்கு அது தெரியாது. பி.எல்.லில் அக்டோபர் 4 என்று இருந்தால் தாமத ஷிப்மென்ட், பணம் மறுக்கலாம். யார் தவறு என்று பேங்க் கேட்காது. ஒப்பந்தத்தில் வெல்லும் நியாயம் எல்.சி.யில் தோற்பது இந்த இடத்தில்தான் அதிகம்.

கண்டெய்னர் சரக்குக்கு, சர்வதேச வணிக விதிமுறைகளான இன்கோடெர்ம்ஸ் 2020ல் பொருத்தமானது எஃப்.சி.ஏ. சி.எஃப்.எஸ்.ஸில் ஃபார்வர்டரிடம் ஒப்படைத்ததும் ரிஸ்க் மாறிவிடும். கப்பலில் ஏறியதாக எழுதிய பி.எல். கிடைக்காதே என்று உங்கள் பேங்க் சொல்லும். 2020 பதிப்பில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: கப்பலில் ஏறிய பிறகு அப்படிப்பட்ட பி.எல்.லை விற்பவருக்குக் கொடுக்கும்படி பையர் கப்பல் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். எழுதினால்தான் உண்டு, தானாக வராது. எஃப்.ஓ.பி.தான் என்று பையர் நின்றால், அவர் குறித்த தேதிக்குள் கப்பல் தராவிட்டால் மூன்று வேலை நாளுக்குள் எல்.சி. தேதியை நீட்டித்துத் தர வேண்டும், சி.எஃப்.எஸ். வாடகையும் அவருடையது என்று ஒரு வரியைச் சேருங்கள்.

ஃபார்வர்டர் தரும் பி.எல்.லையும் ஏறுவதற்கு முன் நகலிலேயே பாருங்கள். சரக்கை ஏற்றிச் செல்லும் கேரியர் யார் என்ற பெயர் இருக்க வேண்டும், கேரியராகவோ அந்தக் கேரியரின் ஏஜென்டாகவோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். வெறும் 'ஏஜென்ட்' என்று முத்திரை குத்திக் கொடுத்தால் மறுப்பு நிச்சயம். தூத்துக்குடியிலிருந்து கொழும்பில் கப்பல் மாறிப் போவது பற்றிக் கவலை வேண்டாம். எல்.சி.யில் டிரான்ஷிப்மென்ட் கூடாது என்று இருந்தாலும், கண்டெய்னரில் போவதாக பி.எல்.லில் தெரிந்தால் யு.சி.பி. 20வது பிரிவு அதை ஏற்கிறது.

தேதிக் கணக்கு

செப்டம்பர் 29 அன்று கப்பல் ஏறியதாக வைத்துக்கொள்வோம். உங்கள் 15 நாள் அக்டோபர் 14ல் முடிகிறது. எக்ஸ்பயரி ஜெர்மனியில் என்பதால், அந்தத் தேதிக்குள் ஆவணங்கள் கரூர் பேங்கில் இருந்தால் போதாது, ஜெர்மன் பேங்கின் மேசையில் இருக்க வேண்டும்.

அக்டோபர் 2 இங்கே விடுமுறை, 3 அங்கே விடுமுறை. பி.எல். 3ஆம் தேதி கைக்கு வந்து, மறுநாள் கரூர் சேர்ந்து, மற்ற காகிதங்களோடு பேங்கில் கொடுக்க 5 ஆகிவிடும். ஃபாரெக்ஸ் பிராஞ்ச் பார்த்து முடிக்க இரண்டு மூன்று நாள், கூரியர் ஐந்து நாள். 13ஆம் தேதி போய்ச் சேரும். இடையில் ஒரு சனி, ஞாயிறு குறுக்கிட்டால் அதுவும் இல்லை. இன்வாய்ஸில் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்தால் திருத்தி அனுப்ப நேரமே கிடையாது. எக்ஸ்பயரி நாளில் பேங்க் மூடியிருந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும் சலுகை உண்டு. அது ஆவணம் கொடுக்க வேண்டிய பேங்குக்குத்தான், கரூர் விடுமுறைக்கு அந்தச் சலுகை வராது.

எக்ஸ்பயரி இடத்தை இந்தியாவுக்கு மாற்றி, இங்கே எந்த பேங்கிலும் ஆவணம் கொடுக்கலாம் என்ற பொருளில் 'எந்த பேங்கிலும் நெகோஷியேஷன்' என்று போட்டு, 21 நாள் கேளுங்கள். எல்.சி.யில் நாள் குறிக்காவிட்டால் யு.சி.பி.யே 21 நாள்தான் தருகிறது, அதிகப்படியாக எதுவும் கேட்கவில்லை. இதில் இன்னொரு பயனும் உண்டு. நியமிக்கப்பட்ட பேங்க் ஆவணம் சரி என்று பார்த்து அனுப்பிய பிறகு வழியில் தொலைந்துபோனாலும், 35வது பிரிவின்படி ஜெர்மன் பேங்க் பணம் தந்தாக வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோருக்கும் தெரிந்த ஐந்து சதவீதக் கூடுதல் குறைச்சல் பீஸ் கணக்கில் சொன்ன சரக்குக்குக் கிடையாது. மீட்டர், கிலோ என்றால் உண்டு. செக்கிங்கில் 300 டவல் தள்ளுபடியாகி 23,700 மட்டும் ஏற்றினால், ஒரு டவல் 1.10 யூரோ வீதம் குறைவது 330 யூரோதான். ஆனால் அந்த 330க்காக முழு 62,400க்கும் மறுப்பு வரலாம். எண்ணிக்கையிலும் தொகையிலும் ஐந்து சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள்.

திருத்தத்துக்குத் திருத்தம் பேங்க் கட்டணம் பிடிக்கும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். தேதியும் அளவும் மட்டும் இப்படி இருந்தால் பையரின் பேங்குக்கு எளிதாகப் புரியும்:

```
31D: EXPIRY PLACE: INDIA
41D: ANY BANK IN INDIA BY NEGOTIATION
48:  21 DAYS AFTER SHIPMENT DATE
39A: 05/05
47A: QUANTITY +/- 5 PERCENT ACCEPTABLE
```

எக்ஸ்பயரி தேதியையும் அக்டோபர் 21க்காவது தள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 21 நாள் கேட்டதில் பயனில்லை. திருத்தம் உங்கள் பேங்க் வழியாக, பேங்குகளுக்கு இடையேயான எம்.டி. 707 செய்தியாக வர வேண்டும். 'சின்னக் குறைகளைப் பார்த்துக்கொள்கிறோம்' என்று பையர் எழுதும் மின்னஞ்சல் பேங்கைக் கட்டுப்படுத்தாது. எல்.சி. திறந்த பேங்க் நல்ல பேங்க் என்றால் இன்னொரு பேங்கும் சேர்ந்து உறுதி தரும் கன்ஃபர்மேஷனுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் ஆபத்து பேங்க் கவிழ்வதில் இல்லை, காகிதம் கவிழ்வதில் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஆவணங்களில் டிஸ்க்ரிபன்சி, அதாவது முரண்பாடு வந்தால், எக்ஸ்பயரிக்குள் திருத்திக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். 'கலெக்‌ஷனில் அனுப்பிவிடலாம்' என்று பிராஞ்சில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அப்படி அனுப்பினால் பேங்கின் வாக்குறுதி போய், பையர் மனமிருந்தால் கட்டுவார் என்ற நிலைதான் மிஞ்சும். ஆவணங்கள் வந்த மறுநாளிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள், எல்லாக் குறைகளையும் ஒரே அறிவிப்பில் பேங்க் சொல்லியாக வேண்டும். தாமதமாகச் சொன்ன மறுப்பு செல்லாது, முதல் அறிவிப்புக்குப் பிறகு சேர்த்துச் சொல்லும் குறையும் செல்லாது. எனவே மறுப்புச் செய்தியின் தேதியைக் குறித்து வையுங்கள்.

எந்தச் சட்டம், எந்த மன்றம்

பேங்க் பணம் தராவிட்டாலும் பையரின் கடன் தீர்ந்துவிடுவதில்லை. ஒப்பந்தப்படி சரக்கு கொடுத்திருந்தால் விலை கேட்கலாம். சட்டம் பற்றிய வரி வேலைக்கு வருவது அப்போதுதான். எல்.சி. தனி ஒப்பந்தம் என்பதால், ஆர்டர் பேப்பரில் எந்தச் சட்டம் போட்டாலும் பேங்கின் கடமையை அது மாற்றாது.

இந்தியச் சட்டம் என்று மாற்றினால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. கரூர் நீதிமன்றத்தில் டிக்ரி வாங்கினாலும் பையரின் சொத்து ஹாம்பர்க்கில் இருக்கிறது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் தீர்ப்புகளைப் பரஸ்பரம் நேரடியாக நிறைவேற்றிக்கொள்ளும் நாடுகளின் பட்டியலில் இங்கிலாந்து, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் உண்டு, ஜெர்மனி இல்லை. நடுவர் தீர்ப்பு என்றால் கதை வேறு. 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருக்கின்றன. ஆகவே பேரம் பேசும் பலத்தைச் சட்டத்தின் மீது செலவழிக்காமல் மன்றத்தின் மீது செலவழியுங்கள். ஹாம்பர்க் கோர்ட்டுக்குப் பதில் நடுவர் மன்றம், சிங்கப்பூர் போன்ற பொது இடம், ஆங்கில மொழி. இந்தத் தொகைக்கு மூன்று நடுவர் கட்டுப்படியாகாது. ஒரே நடுவர், முடிந்தவரை ஆவணங்களின் அடிப்படையில் என்று எழுதுங்கள்.

ஜெர்மன் சட்டம் என்று விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும்? அப்படி எழுதினாலே 1980 வியன்னா விற்பனை உடன்படிக்கை உள்ளே வந்துவிடும். இந்தியா அதில் சேரவில்லை, ஜெர்மனி சேர்ந்திருக்கிறது, அது ஜெர்மன் சட்டத்தின் ஒரு பகுதி. வேண்டாம் என்றால் வெளிப்படையாக விலக்கி எழுத வேண்டும். உடன்படிக்கையின்படி குறை இருந்தால் பையர் நியாயமான காலத்துக்குள் சொல்ல வேண்டும், கடைசி எல்லை இரண்டு வருடம். அதை விலக்கிவிட்டால் ஜெர்மன் வணிகச் சட்டத்தின் 377வது பிரிவு வரும். வணிகராக இருக்கும் பையர் சரக்கு வந்ததும் தாமதமில்லாமல் பார்த்து உடனே குறை சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. விற்கும் உங்களுக்கு இது சாதகமானது. ஜெர்மன் சட்டம் என்றதும் பயப்படத் தேவையில்லை என்று சொல்வது இதனால்தான். ஹாம்பர்க்கில் இறங்கிய 14 நாளுக்குள், படத்தோடும் பொது சர்வேயர் அறிக்கையோடும் குறை எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்திலும் ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதிக் கடன் காப்பீடான இ.சி.ஜி.சி. பாலிசி எடுக்கச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். எடுங்கள். ஆனால் பையர் தரத்தில் குறை என்று தகராறு எழுப்பினால், அவர் நாட்டில் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கும்வரை பாலிசி பொதுவாக உதவாது. ஏ.க்யூ.எல். எண்ணும் 14 நாள் வரியும் அந்தத் தகராறையும் சுருக்கும்.

இன்றைக்கே திருத்த மின்னஞ்சலை அனுப்புங்கள். நேரடியாக வந்த முதல் ஆர்டர் என்ற தயக்கம் வேண்டாம், அனுபவமுள்ள பையர்களுக்கு இதெல்லாம் வாடிக்கையான பேச்சுதான். பி.எல்.லும் இன்ஸ்பெக்‌ஷனும் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதவை. எஃப்.ஓ.பி., ஜெர்மன் சட்டம் இரண்டிலும் நீங்கள் இறங்கி வரலாம். எம்.டி. 707 உங்கள் பேங்குக்கு வந்து, அதை எல்.சி.யோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நூல் வண்டி கிளம்பட்டும்.